உயரத்தை மட்டும் பார்த்து டை வாங்காதீர்கள்: விருந்து அரங்கில் பல ஆண்டு அனுபவம்

சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலின் விருந்துப் பிரிவில் பணியாற்றுகிறேன். நான் தினமும் டை கட்டுபவன் என்பதோடு, புதிதாகச் சேரும் பணியாளர்களுக்கு டையும் போ டையும் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பும் நெடுநாளாக என்னிடமே இருக்கிறது. உயரமானவருக்கு நீள டை, குள்ளமானவருக்குச் சாதாரண டை என்று கடைகளில் சொல்லும் கணக்கு பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தீர்மானிப்பது காலர் அளவு.

கடையில் கிடைக்கும் சாதாரண டை ஏறத்தாழ 147 செ.மீ. நீளமும், நீள வகை 155 முதல் 160 செ.மீ. வரையும் இருக்கும். இந்த நீளத்தில் கழுத்தைச் சுற்றும் பகுதிக்குக் காலர் அளவோடு 2 செ.மீ. சேர்த்துக் கழிக்க வேண்டும். ஃபோர் இன் ஹேண்ட் என்னும் எளிய முடிச்சு எங்கள் டைகளில் 25 செ.மீ. அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. எஞ்சுவதை முன்பட்டையும் பின்பட்டையும் பகிர்ந்துகொள்கின்றன. முன்பட்டையின் நுனி பெல்ட் கொக்கியைத் தொட வேண்டும். பின்பட்டை, முன்பட்டையின் பின்புறம் நுனியிலிருந்து ஏறத்தாழ 23 செ.மீ. மேலே தைத்திருக்கும் வளையத்தையாவது எட்ட வேண்டும்.

ஆறடி மூன்று அங்குல உயரமும் 44 காலரும் உள்ள எங்கள் பணியாளர் ஒருவருக்கு முடிச்சிலிருந்து பெல்ட் வரை 55 செ.மீ. வருகிறது. 147 செ.மீ. டையில் கழுத்துக்கு 46, முடிச்சுக்கு 25 போனால் 76 மிஞ்சும். அதில் முன்பட்டைக்கு 55 கொடுத்தபின் பின்பட்டைக்கு 21தான் கிடைக்கும். வளையத்தை எட்டவோ குறைந்தது 32 வேண்டும். ஆகவே பின்பட்டை வளையத்தில் நிற்காமல், அவர் குனிந்து பரிமாறும்போதெல்லாம் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. 160 செ.மீ. டையில் அதே கணக்கு 34 ஆகி, வளையத்துக்குள் சென்றுவிட்டது. ஆனால் அதே டையில் அவர் முழு வின்சர் முடிச்சுப் போட்டால், அது கூடுதலாகப் பத்து செ.மீ. வரை விழுங்குவதால், பின்பட்டை மறுபடியும் குட்டையாகிவிடும்.

ஐந்தடி மூன்று அங்குலம் உள்ள இருவரிடம் இந்தக் கணக்கு வேறு விதமாக வந்தது. இருவருக்கும் முன்பட்டை 41 செ.மீ. போதும். 42 காலர்காரருக்குச் சாதாரண டையில் பின்பட்டை 37 ஆக அமைந்து, முன்பட்டைக்குப் பின்னே ஒழுங்காக மறைந்தது. 37 காலர்காரருக்கோ அது 42 ஆகி, முன்பட்டைக்குக் கீழே ஒரு செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு நீளத்தைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் அரை வின்சர் முடிச்சைக் கற்றுக் கொடுத்ததில் அந்தத் தொல்லை தீர்ந்தது. பின்பட்டையைச் சட்டைப் பொத்தான்களுக்கு இடையே செருகிக்கொள்பவர்களும் உண்டு. கோட் பொத்தானைக் கழற்றினால் அது தெரிந்துவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

அகலத்தில் நான் பார்ப்பது கோட்டின் மடிப்புப்பட்டையைத்தான். டையின் மிக அகலமான இடம் அதற்கு ஏறத்தாழ ஈடாக இருந்தால் போதும். பெரும்பாலோருக்கு 7.5 முதல் 8.5 செ.மீ. வரை பொருந்துகிறது. 6 செ.மீ. டை, அகன்ற மார்பு உள்ளவரிடம் நாடா போலத் தெரிகிறது. இன்னொன்றும் உண்டு: உயரம் குறைந்தவர் கட்டும்போது முன்பட்டையின் அகலமான பகுதி வரை முடிச்சுக்குள் போவதால் முடிச்சு தடித்து, சிறிய காலரின் இடைவெளியில் அடங்காமல் காலர் நுனிகளைத் தூக்கிவிடுகிறது. அத்தகையவருக்கு 7 செ.மீ. அகலமும் மெல்லிய உள்துணியும் உள்ள டையே சரிப்படும்.

போ டையில் உயரத்துக்கு வேலையில்லை, கழுத்துதான் எல்லாம். நாங்கள் வாங்குபவற்றின் நாடாவில் 14 முதல் 18 அங்குலம் வரை துளைகள் உள்ளன. நம் சட்டைகளில் செ.மீ. அளவே இருப்பதால் 2.54ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். 39 காலர் என்றால் பதினைந்தரை, 42 என்றால் பதினாறரை. 46 காலர் 18ஐத் தாண்டிவிடுவதால், அவர்களுக்கு இந்த வகை சரிவராது. கீழ் எல்லையிலும் ஒரு சங்கடம் உண்டு: 14இல் பூட்டினால் மிஞ்சும் நாடா பின்கழுத்தில் இரட்டையாக மடிந்து காலரைப் புடைக்கச் செய்கிறது. ஆகையால் அளவு வரம்பின் நடுப்பகுதியில் நம் எண் வரும்படி வாங்குவது நல்லது.

கையால் கட்டும் போ டையில் தவறான துளை உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு துளை தளர்வாகப் பூட்டினால், துணியின் ஒடுங்கிய இடை முடிச்சுக்குள் வராமல் விலகி, இறக்கைகள் காலர் நுனிகளைத் தாண்டித் தொங்கும். ஒரு துளை இறுக்கமானால் இறக்கைகள் சிறுத்து, முடிச்சு மட்டும் உருண்டையாகத் துருத்தும். கட்டி முடித்தபின் காலருக்கும் நாடாவுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் முடிச்சைத் திருத்துவதை விட்டு, பின்னால் உள்ள கொக்கியை அடுத்த துளைக்கு மாற்றிவிட்டு மறுபடி கட்டச் சொல்கிறேன்.