வடையை விட்டுப் பிட்டுக்கு மாறிய கண்டக்டர்: எது குறைந்தது, எது கூடியது

அவர் மட்டக்களப்பு – கல்முனை வழியில் ஓடும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். வயது நாற்பத்தாறு. விடியற்காலை முதல் ஓட்டத்துக்கு வெறும் வயிற்றோடு ஏறுவார். கல்முனையில் பஸ் திரும்பும் வரை இருக்கிற பத்து நிமிசத்தில் ரெண்டு உளுந்து வடை, ஒரு மீன் ரோல்ஸ், சீனி தூக்கலாக ஒரு பிளேன்டீ. பதினெட்டு வருசமாக அதுதான் அவருடைய காலைச் சாப்பாடு.

பிறகு ரத்தக் கொழுப்பைப் பார்க்கும் லிப்பிட் ரிப்போர்ட் வந்தது. மொத்தக் கொலஸ்ட்ரோல் 248, ட்ரைகிளிசரைட் 290, நல்லது என்று சொல்லும் எச்.டி.எல். 36, கெட்டது என்று சொல்லும் எல்.டி.எல். 154. ட்ரைகிளிசரைட் 150க்குக் கீழே இருக்க வேண்டும். ஆணுக்கு எச்.டி.எல். 40க்கு மேலே வேண்டும். எல்.டி.எல். 130ஐத் தாண்டினாலே டொக்டர்மார் முகத்தைச் சுளிப்பார்கள். சீனி வருத்தம் இல்லை, பிரசரும் அளவோடுதான். அதனால் டொக்டர் உடனே குளிசை எழுதவில்லை. "மூணு மாசம் சாப்பாட்டைப் பாருங்க, திரும்ப ரத்தம் குடுங்க" என்று அனுப்பிவிட்டார். எதை எப்படிப் பார்ப்பது என்று கேட்க இவருக்குத் தோன்றவில்லை. வெளியே நாற்பது பேர் நம்பர் துண்டோடு இருக்கும்போது டொக்டருக்கும் விளக்க நேரமில்லை.

அடுத்த நாளே கல்முனைக் கடையில் அறிவித்தார்: "காக்கா, இனி எண்ணெய்ச் சாமான் வேணாம். பிட்டு இருந்தா வைங்க."

"பிட்டு இருக்கு தம்பி. சம்பலும் இருக்கு. சீனி வாழைப்பழமும் வைக்கட்டா?"

"எல்லாம் வைங்க. அவிச்சதுதானே."

அந்த "அவிச்சதுதானே" மூன்று மாதம் ஓடியது. ரெண்டாவது ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 149. ஐந்து புள்ளி இறக்கம் பரிசோதனைக்குப் பரிசோதனை வருகிற வித்தியாசத்துக்குள்ளேயே அடங்கிவிடும். எச்.டி.எல். அதே 36. ட்ரைகிளிசரைட் 318, கூடியிருந்தது. மொத்தம் 249. "வடையை விட்டதுக்கு இதுதானா கூலி?" என்று டிரைவரிடம் புலம்பினார். டிரைவர், "அப்ப நீ வடையே திண்டிருக்கலாமே மச்சான்" என்றார். டிரைவர் விளையாட்டாகச் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

முதலில் பழைய தட்டு. கைக்கு அடங்கும் அளவு உளுந்து வடை ஒன்று சட்டியிலிருந்து வரும்போது ஆறேழு கிராம் எண்ணெயை உள்ளே கொண்டுவரும். ரோல்ஸின் மேல் பூச்சு ரஸ்குத்தூள், அது இன்னும் குடிக்கும். மொத்தம் இருபது கிராம் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். கடையில் பாம் எண்ணெய் என்றால் அதில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதாவது பத்து கிராம். எல்.டி.எல்லை ஏற்றிவிடுவதில் முதல் ஆள் இந்த நிறைவுற்ற கொழுப்புத்தான். தேங்காய் எண்ணெயில் பொரித்தால் அது பதினெட்டுக் கிராம் ஆகும், ஏனெனில் தேங்காய் எண்ணெய் கிட்டத்தட்ட முழுவதும் அதுதான்.

இனிப் புதுத் தட்டு. ரெண்டு குழல் பிட்டு. மாவுக்கு நடுவே தேங்காய்ப்பூ நாற்பது கிராம் இருக்கும். பக்கத்தில் சம்பல், அதில் இன்னொரு முப்பது. துருவிய தேங்காய் நூறு கிராமில் கொழுப்பு முப்பத்துமூன்று கிராம், அதில் முப்பதளவு நிறைவுற்றது. எழுபது கிராம் தேங்காய்க்குக் கணக்குப் போட்டால் நிறைவுற்ற கொழுப்பு இருபது கிராமைத் தாண்டுகிறது. பாம் எண்ணெய் வடைத் தட்டுக்கு ரெண்டு மடங்கு. தேங்காய்ப்பூவில் நாரும் இருக்கிறது, பிழிந்த எண்ணெய் அளவுக்கு அது கெடுதி செய்யும் என்று சொல்ல முடியாது. ஆனால் "எண்ணெய் இல்லை" என்ற நிம்மதிக்கு இந்தத் தட்டில் இடமில்லை. ஆவியில் மா வேகும், தேங்காய்க்குள் இருக்கிற கொழுப்பு எங்கேயும் போகாது. இடியப்பத்துக்கும் இதே கதைதான். தட்டில் கொழுப்பே இல்லாத இடியப்பத்தின் மேல் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றியவுடன் கணக்கு மாறிவிடும்.

ட்ரைகிளிசரைட் ஏன் ஏறியது? இதற்குத் தேங்காயை அதிகம் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளை மாவும் சீனியும் உடம்பு உடனே செலவழிக்கும் அளவைத் தாண்டினால், ஈரல் அதை ட்ரைகிளிசரைட்டாக மாற்றி ரத்தத்தில் விடும். வடை உளுந்தால் ஆனது, அதில் புரதமும் இருந்தது. ரெண்டு வடையில் வயிறு ஓரளவு நின்றது. பிட்டு அரிசிமா. ரெண்டு குழலில் நூற்றிருபது கிராம் மா போகும், அதோடு சீனியும் வாழைப்பழமும். அவிச்சதுதானே என்ற துணிவில் சில நாளில் மூன்றாவது குழலும் வைத்திருக்கிறார் மனுசன்.

இன்னொன்று, அவர் கணக்கிலேயே எடுக்காதது. பிளேன்டீ. ஒரு நாளைக்கு ஆறு கோப்பை. தேத்தண்ணிக் கடையில் ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி சாதாரணம். தேக்கரண்டி ஒன்று நாலு கிராம் என்றால் ஒரு நாளைக்கு எழுபத்திரண்டு கிராம். வடைக்காலத்திலும் இது இருந்தது, பிட்டுக்காலத்திலும் இருந்தது. என்னைக் கேட்டால் அந்த 290இல் பெரிய பங்கு வடைக்கு இல்லை, கோப்பைக்குத்தான். அவர் ஒரு நாளும் அதைச் சந்தேகப்பட்டதில்லை. தேத்தண்ணி சாப்பாடா என்ன?

இவ்வளவும் படித்துவிட்டு வடைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். கடை எண்ணெய்க்குத் தனிக் குற்றம் இருக்கிறது. நேற்றைய எண்ணெயில் இன்றைய எண்ணெயைச் சேர்த்து நாள் முழுக்கக் கொதிக்க வைத்தால் அது கெட்டுப்போகும். சட்டி நன்றாகச் சூடேறும் முன்பே புகைவது, வடை போட்டதும் விளிம்பில் நுரை கட்டி அடங்காமல் நிற்பது, நிறம் கறுத்துப் பாணிபோல் தடிப்பது, தின்ற பிறகு தொண்டையில் ஒரு காறல். இவற்றில் ரெண்டு இருந்தாலே அந்தக் கடையை விடலாம். காலை முதல் சட்டியில் இறக்கிய ஒரு வடைக்கும் மாலை ஐந்து மணி வடைக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

பிட்டுக்கு வேறொரு சங்கடமும் இருந்தது. வடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் காசு எண்ணலாம். பிட்டுக்கு இருக்க வேண்டும், கை கழுவ வேண்டும், குழைக்க வேண்டும். டிரைவர் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிடுவார். அவசரமாக விழுங்கியதில் அளவும் தெரியவில்லை.

ரெண்டாவது ரிப்போர்ட்டோடு போனபோது டொக்டர் முதல் தடவையாக, "காலையில என்ன சாப்பிடுறீங்க, எத்தனை, தேத்தண்ணி எத்தனை?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். "அவிக்கிறது பிரச்சினை இல்ல. என்னத்தை அவிக்கிறீங்க எண்டதுதான்." பிறகு ஒரே ஒரு சாமானின் பெயர் சொன்னார்: கடலை.

அந்த வழியில் கடலைக்குப் பஞ்சமில்லை. ஆரையம்பதியிலோ களுவாஞ்சிகுடியிலோ யாராவது கூடையோடு ஏறுவார்கள். அவித்த கொண்டைக்கடலை ஒரு கோப்பையில் பதினாலு பதினைந்து கிராம் புரதம், பன்னிரண்டு கிராம் நார், கொழுப்பு நாலு கிராம்தான், அதுவும் பெரும்பாலும் நிறைவுறாதது. மாச்சத்து நாற்பத்தைந்து கிராம் இருந்தாலும் நாரோடு மெதுவாக இறங்குகிறது. கடலையின் நார் குடலில் பித்த உப்பைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. ஈரல் புதிதாகப் பித்தம் செய்யக் கொலஸ்ட்ரோலை எடுத்துச் செலவழிக்கிறது. அதுதான் எல்.டி.எல். கொஞ்சம் இறங்குவதற்குக் காரணம். கடதாசிச் சுருளில் ஒரு கையால் சாப்பிடலாம் என்பது அவருக்கு அதைவிடப் பெரிய நன்மை.

ஆனால் கூடைக்காரரிடம் ஒரு நிபந்தனை வைக்க வேண்டியிருந்தது. வழக்கமாக வரும் கடலை, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டு எண்ணெயில் தாளித்தது. தாளிக்காமல், உப்பும் தூளும் தேசிப்புளியும் மட்டும் போட்டுத் தரச் சொன்னார். "அதுல என்ன ருசி இருக்கு?" என்று அந்த ஆள் கேட்டாலும், மூன்றாம் நாள் முதல் அவருக்காக ஒரு சுருள் தனியாக வந்தது. முதல் வாரம் வயிற்றில் காற்று. நெரிசலான பஸ்ஸில் அது எவ்வளவு சங்கடம் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு மனுசி கடலையை இரவு ஊற வைத்து, ஊறின தண்ணியைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணியில் அவித்துக் கொடுத்தபோது அந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. கடலை கிடைக்காத நாளில் கௌபி, இல்லாவிட்டால் சைவக்கடையில் சாம்பாரோடு மூன்று இட்லி, சட்னி இல்லாமல்.

பிட்டை அவர் விடவில்லை. மட்டக்களப்பு ஆளிடம் பிட்டை விடு என்றால் எந்த டொக்டரும் தோற்பார். ஞாயிறு காலை வீட்டில் மட்டும், குரக்கன்மாவில், தேங்காய்ப்பூவைப் பாதியாக்கி, சம்பலுக்குப் பதிலாகப் பருப்போடும் கீரையோடும். பிளேன்டீயில் மூன்று கரண்டி ஒன்றானது. அதற்கு அவர் கடலையைவிடக் கூடப் பாடுபட்டார்.

மூன்று மாதத்துக்குப் பின் எல்.டி.எல். 131, ட்ரைகிளிசரைட் 178, எச்.டி.எல். 38, மொத்தம் 205. மூன்று கிலோவும் குறைந்திருந்தது. ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரவு கலியாண வீட்டுப் பந்தி வந்ததால் பரிசோதனையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார், அது கெட்டிக்காரத்தனம். பந்தியும் குடியும் ட்ரைகிளிசரைட்டை ஓரிரு நாளுக்கு ஏற்றிவிடும், பிறகு பார்க்கிற நம்பரில் அர்த்தம் இருக்காது.

எல்.டி.எல். இன்னும் கொஞ்சம் மேலேதான் நிற்கிறது. சாப்பாட்டை மாற்றிப் பத்துப் பதினைந்து வீதம் இறக்கலாம், அதற்கு மேல் உடம்பின் வாகும் குடும்ப வழியும் இருக்கிறது. அவருடைய அப்பா ஐம்பத்திரண்டில் மாரடைப்பில் போனவர். அதனால் அடுத்த தடவை குளிசையைப் பற்றிப் பேசுவோம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். கடலை திண்டால் குளிசை தேவையில்லை என்று டிரைவர் இப்போது பஸ் முழுக்கப் பரப்பிவருகிறார். இவர் அவரிடம், "அதை டொக்டர் சொல்லட்டும் மச்சான், நீ றோட்டைப் பார்த்து ஓடு" என்றார்.