விளம்பரத்தில் அசிஸ்டென்ட் மேனேஜர், அடையாள அட்டையில் அசோசியேட்: 96,000 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானே 'போகட்டும் விடு' என்று சொல்லிவிடுவேன். ஹெச்.ஆரின் கடைசி மெயில் நேற்று மதியம்தான் வந்தது.

வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் பார்த்த விளம்பரம் இது: அக்கவுண்ட்ஸ் பிரிவில் அசிஸ்டென்ட் மேனேஜர், ஃபைனான்ஸ் ஹெட்டின் கீழ் வேலை, கீழே நாலு பேர் டீம். இன்டர்வியூவிலும் அந்த நாலு பேரைப் பற்றித்தான் பேசினார்கள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆஃபர் லெட்டர் வந்தது. சம்பளம் பேசியபடியே இருந்தது. பதவி என்ற இடத்தில் மட்டும் 'அசோசியேட், லெவல் 2' என்று இருந்தது. யாருக்குக் கீழ் என்ற இடத்தில் ஒரு பெயரும் இல்லை. 'நிர்வாகம் அவ்வப்போது நியமிக்கும் நபருக்கு' என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

எனக்கு உறுத்தியது. கேட்கவும் செய்தேன், ஆனால் போனில். ஹெச்.ஆர் அம்மா சிரித்துக்கொண்டே, "சார், அது சிஸ்டத்துல வர்ற இன்டர்னல் பேரு. விசிட்டிங் கார்டுல அசிஸ்டென்ட் மேனேஜர்னுதான் போடுவோம். ஃபைனான்ஸ் ஹெட்கிட்டயே சொல்லிட்டேன்" என்றார். அந்தச் 'சொல்லிட்டேன்'தான் என்னைக் கவிழ்த்தது. மெயிலில் போடுங்கள் மேடம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சேருவதற்கு முன்பே சந்தேகப்படுகிற ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூச்சம். அன்று ராத்திரியே சம்மதம் அனுப்பி, மறுநாள் பழைய ஆபீசில் ராஜினாமா கொடுத்தேன்.

பழைய இடத்தில் நோட்டீஸ் 90 நாள். இவர்கள் 30 நாளில் வரச் சொன்னார்கள். மீதி 60 நாளுக்கு, மாதம் 48,000 வீதம் 96,000 ரூபாய் பழைய ஆபீசுக்குக் கட்ட வேண்டியிருந்தது. கடைசி மாதச் சம்பளத்தை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். மீதி 48,000-க்கு மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. புது கம்பெனி திருப்பித் தந்துவிடும் என்ற தைரியம்தான். ஆஃபர் லெட்டரிலேயே 'நோட்டீஸ் தொகை நிறுவனக் கொள்கைப்படி ஈடுசெய்யப்படும்' என்று இருந்ததே!

முதல் நாள் கழுத்தில் மாட்டிய அட்டையில் 'அசோசியேட்'. உட்கார வைத்தது வெண்டர் பில்களை என்ட்ரி போடும் வரிசையில். எனக்கு டீம் லீட், என்னைவிட அனுபவம் குறைந்த ஒரு தம்பி; அவன் மேல் தப்பில்லை, பாவம். அவனுக்கு மேலே ஒரு மேனேஜர், அவருக்கும் மேலேதான் ஃபைனான்ஸ் ஹெட். எனக்குக் கீழே என்று பார்த்தால் குப்பைத்தொட்டிதான் இருந்தது.

மாதக் கடைசியில் 96,000-க்கான ரசீதை வைத்து க்ளெய்ம் போட்டேன். ரிஜெக்ட். நோட்டீஸ் தொகை அசிஸ்டென்ட் மேனேஜர் கிரேடுக்கும் அதற்கு மேலும்தானாம், அதுதான் கொள்கையாம். அந்த 'இன்டர்னல் பேரு' எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. ஹெச்.ஆர் அம்மா வேறு பிரிவுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர், "அவங்க என்ன சொன்னாங்கன்னு எங்ககிட்ட ரெக்கார்டு இல்ல சார்" என்றார். விளம்பரத்தைக் காட்டலாம் என்று தேடினால் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில், 'இதற்கு முன் வாய்மொழியாகவோ எழுத்திலோ சொன்ன எதுவும் செல்லாது, இந்தக் கடிதமே இறுதி' என்று ஒரு வரி. அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நேற்றைய மெயிலில் அந்த வரியைத்தான் மஞ்சள் அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

96,000 ரூபாய். இதோடும் முடியவில்லை. நாளை வேறு வேலைக்குப் போனால், பின்னணிச் சரிபார்ப்பில் பதவியையும் மேனேஜர் பெயரையும் இவர்கள் ரெக்கார்டிலிருந்துதான் எடுப்பார்கள். நான் அசிஸ்டென்ட் மேனேஜர் என்று போட்டால் பொய் சொன்னவன் ஆவேன்.

விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. விளம்பரத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். லெட்டரில் பதவி மாறியிருந்தால் போன் போடாதீர்கள், மெயில் போடுங்கள்: சம்பளச் சீட்டில் வரப்போகும் பதவி எது, கிரேடு எது, ஆண்டு மதிப்பீட்டில் எனக்கு மார்க் போடுபவர் எந்தப் பதவியில் இருப்பவர், எனக்குக் கீழ் எத்தனை பேர். பதிலை மெயிலோடு விடாமல் லெட்டரையே திருத்தித் தரச் சொல்லுங்கள், அந்தக் கடைசிப் பக்க வரி மெயிலையும் விழுங்கிவிடும். 'கொள்கைப்படி' என்று எங்கே இருந்தாலும், என் கிரேடுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். திருத்திய லெட்டர் கைக்கு வரும்வரை ராஜினாமா கொடுக்காதீர்கள்.

வளையலுக்கு வட்டி கட்டும் நாள் 5-ஆம் தேதி. கிளம்புகிறேன், டீம் லீட் தம்பி நாற்பது பில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.