சுருதி திருத்தும் சாப்ட்வேர்: மூன்று வருட அனுபவம்

புனலூர் நண்பர் நேற்று போன் செய்து, நீங்கள் வைத்திருக்கிற அந்தச் சுருதி சாப்ட்வேருக்கு விலை குறைந்திருக்கிறதாமே, வாங்கட்டுமா என்றார். தாராளமாக வாங்குங்கள் என்று சொல்லி போனை வைத்த பிறகுதான் அதன்மேல் எனக்கிருக்கும் கடுப்பெல்லாம் ஞாபகம் வந்தது.

செங்கோட்டையில் மாடி அறையில் நான் பதிவு செய்வதில் பாதி ஐயப்பன் பாட்டு. போன கார்த்திகைக்கு முன் ஆரியங்காவு சேச்சி ஒருவர் வந்து பாடினார். மோகனம், 5 கட்டை. ஒரே டேக்கில் உருகிப் பாடிவிட்டார். சரணத்தின் கடைசியில் காந்தாரத்தில் நிற்கும் நீண்ட கார்வை மட்டும், மூச்சு குறையக் குறைய இறங்கிவிட்டது. ஒரு அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட் என்றால், தொடக்கத்தில் 40 சென்ட் கீழே, முடிவில் 60.

சோம்பேறித்தனமாகத் தானியங்கி முறையில் விட்டேன். அது எந்த ஸ்வரம் பக்கமோ அங்கே இழுக்கும். 50 சென்டைத் தாண்டி இறங்கிய இடத்தில் அதற்குப் பக்கம், அரை ஸ்வரம் கீழே இருக்கும் சாதாரண காந்தாரம். மோகனத்துக்கு உரியது அந்தர காந்தாரம். மோகனத்தில் சாதாரண காந்தாரம்! திருத்தும் வேகத்தைக் குறைத்தால் அந்த இயந்திரத் தொனி போகிறது, ஆனால் தப்பான ஸ்வரத்துக்கே கொஞ்சம் நிதானமாகப் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் கையால் செய்தேன். ரிஷபத்திலிருந்து ஏறி வரும் இழைப்பைத் தொடவில்லை. அது முடிந்து குரல் நிலைக்கிற இடத்தில் வெட்டி, கார்வையை மட்டும் தனியாக எடுத்தேன். மெதுவாகச் சரிவதைப் பாதியாக்கினால் 45-க்கும் 55-க்கும் நடுவில் வந்துவிடும். பிறகு மொத்தத்தையும் 40 சென்ட் மட்டும் ஏற்றினேன். இப்போதும் 5 முதல் 15 சென்ட் கீழேதான் இருக்கிறது, வேண்டுமென்றே விட்டது. தம்புராவோடு கேட்டால் உறுத்தவில்லை, குரலின் நடுக்கமும் அப்படியே இருந்தது. இந்த இடத்தில் சாப்ட்வேரைக் குறை சொல்லவே முடியாது, இழை பிரித்து வேலை செய்கிறது.

கடுப்பு எதில் என்றால், ஒவ்வொரு புதுப் பாட்டிலும் அது கமகத்தை ஒரே ஸ்வரமாகப் பார்க்காமல் மூன்று நான்கு துண்டாக நறுக்கி வைக்கிறது. கவனிக்காமல் எதையாவது நேராக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு ஸ்வரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், படிக்கட்டு மாதிரி. மூன்று வருடமாக முதல் வேலை அந்தத் துண்டுகளை ஒட்டுவது. அன்றைக்கு அந்த ஒரு சரணத்தை முடிக்கவே இரவு ஒரு மணி ஆகிவிட்டது.

மறுநாள் சேச்சி கேட்டுவிட்டு, "நான் சரியாத்தானே பாடியிருக்கேன், பின்னே ராத்திரி முழுக்க என்ன செஞ்சீங்க?" என்றார்.

நண்பர் இன்னும் பணம் கட்டவில்லையாம். இன்று அழைத்து, அதை விடுங்கள், பாடுகிறவருக்குக் கட்டஞ்சாயா கொடுத்து அந்த ஒரு வரியை மறுபடி பாட வையுங்கள் என்று சொல்லப் போகிறேன்.