டேப்லெட்டிலேயே பதிவதா, லேப்டாப் வழியாகவா?

செம்பூரில் பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லித்தருகிறேன். வகுப்புக்கு வராத பிள்ளைகளுக்காகச் சாம்சங் டேப்லெட்டில் எழுதிக்கொண்டே பேசிப் பதிவு செய்வேன். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, டேப்லெட்டின் சொந்த ஸ்கிரீன் ரெக்கார்டர். வேறெதுவும் தேவையில்லை. ஆனால் ஒலி அமைப்பில் மைக்கும் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் முழுப் பாடமும் ஊமைப்படமாக வரும்; அதுவும் எழுதி முடித்து ஓட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். அடுத்த தொல்லை பேனாச் சத்தம். மைக் டேப்லெட்டின் உடம்பிலேயே இருப்பதால், முனை கண்ணாடியில் படும் ஒவ்வொரு 'டொக்'கும் குரலைவிடப் பலமாகக் கேட்கும். சட்டைக் காலரில் மாட்டும் மைக்கை டைப்-சி துளையில் செருகினால் இது பெருமளவு அடங்கிவிடும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்கு மட்டும் எந்த மைக்கும் மருந்தில்லை.

இரண்டாவது வழியில், டேப்லெட்டை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, `scrcpy` மூலம் திரையை அங்கே வரவைத்து, அந்தச் சாளரத்தை OBS Studio-வில் பதிவு செய்கிறோம். டேப்லெட்டின் டெவலப்பர் அமைப்புகளில் யூஎஸ்பி டிபக்கிங்கை இயக்கியிருக்க வேண்டும். மைக்கை லேப்டாப்பில் செருகிவிட்டால் குரல் அளவைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே பேசலாம். OBS-இல் ஒலி அளவைக் காட்டும் கோடு மஞ்சள் வரை போய்வந்தால் சரி, சிவப்பைத் தொட்டால் குரல் உடையக்கூடும். கோடே அசையவில்லை என்றால் மைக் வேலை செய்யவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

இதிலுள்ள சிக்கல், படம் சற்றுப் பின்தங்கி வருவது. "x² − 5x + 6" என்று சொல்லி முடித்த பிறகு 6 திரையில் தோன்றும். சரிசெய்ய, முனையால் 'டொக்' என்று ஒரு புள்ளி வைத்துப் பதியுங்கள். பிறகு எடிட்டரில், சத்தம் வந்து எத்தனை பிரேம் கழித்துப் புள்ளி தெரிகிறது என்று எண்ணுங்கள். நொடிக்கு 30 பிரேம் பதிவில் 3 பிரேம் தாமதம் என்றால் 100 மில்லிநொடி. OBS-இல் Advanced Audio Properties-க்குப் போய், மைக்கின் Sync Offset-இல் 100 போட்டால் குரலும் அதே அளவு தாமதமாகி இரண்டும் சேர்ந்துவிடும். வைஃபையில் திரையை அனுப்பினால் தாமதம் ஏறி இறங்கும், ஒரே எண் நிற்காது. அதனால்தான் கேபிள்.

எந்த வழியானாலும், (x − 2)(x − 3) என்பதை (x − 2)(x + 3) என்று எழுதிவிட்டால் பதிவை நிறுத்தாதீர்கள். தவறிய வரியை மட்டும் அழித்து, கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு மறுபடி சொல்லி எழுதுங்கள். பக்கத்தை நகர்த்தாமலும் பெரிதாக்காமலும் இருந்தால், நடுவில் வெட்டியது கண்ணுக்குத் தெரியாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒற்றைக் கணக்குக்கு நான் முதல் வழியைத்தான் எடுக்கிறேன், காலர் மைக்கோடு. பல மாதம் வைத்துப் பார்க்கப்போகும் முழுப் பாடம் என்றால் லேப்டாப்பைத் திறக்கிறேன்.