புதியவர்களுக்கான யோகா வகுப்பு அறிவிப்பு: குரல் பதிவா, எழுத்துச் செய்தியா?

மட்டக்களப்புப் பக்கம் யோகா ஆசிரியர்கள் புதியவர்களைச் சேர்க்க வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுகிறார்கள், அல்லது எழுதி அனுப்புகிறார்கள். இரண்டுக்கும் செலவில்லை. குரலில் கனிவு தானாகவே வரும், எழுத்தில் அதை வரவழைக்க வேண்டும். அப்படியிருந்தும் நான் எழுத்தின் பக்கம்தான், நேர அட்டவணைக்காக.

குரல் பதிவில் "வாற திங்கள் தொடங்குது" என்று சொல்வது இயல்பு. அந்தப் பதிவு குழுவுக்குக் குழு கைமாறி, இரண்டு வாரம் கழித்து ஆரையம்பதியில் ஒருவர் கேட்கும்போது அவருக்கும் அது "வாற திங்கள்"தான். அவர் பாயோடு வந்து நிற்கையில், கிழமைக்கு மூன்று வகுப்பென்றால் மற்றவர்கள் ஏழாவது வகுப்பில் இருப்பார்கள். திகதியைச் சொன்னாலும், அதை மறந்தவர் பதிவை முழுதாகத் திரும்பக் கேட்கவேண்டும். பெரும்பாலானோர் கேட்காமல் ஆசிரியருக்கே அழைப்பார்கள். எழுத்தில் திகதி கண்ணில் படும், சேரும் கடைசி நாளையும் போட்டுவிட்டால் பழைய செய்தி யாரையும் ஏமாற்றாது.

கல்லடியில் நடக்கும் வகுப்புக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம். இதுவரை யோகா செய்யாதவர்களுக்கான வகுப்பு இது. உடம்பு வளையவில்லையே என்று யோசிக்க வேண்டாம். தரையில் இருக்க முடியாதவர்கள் கதிரையில் இருந்து செய்யலாம்.
தொடக்கம்: 2026 ஜூன் 8, திங்கள்.
திங்கள், புதன், வெள்ளி பின்னேரம் 5.30 முதல் 6.30 வரை. 6 கிழமை, 18 வகுப்பு.
போயா நாளில் வகுப்பில்லை, அதற்குப் பதில் அந்தச் சனிக்கிழமை அதே நேரம்.
சேர்வதற்குக் கடைசி நாள்: ஜூன் 6.
பகல் சாப்பாட்டை 2 மணிக்கு முன் முடித்துவிட்டு வாருங்கள்.
இரத்த அழுத்தம், முதுகு வலி, கர்ப்பம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்."

"பின்னேரம்" என்ற சொல்லை விடக்கூடாது. வெறும் 5.30 என்றால் விடியக்காலை என்று எடுப்பவர்கள் உண்டு, யோகா என்றாலே காலை என்ற எண்ணம் அப்படி. போயா வரியும் கட்டாயம். அது இல்லாவிட்டால் போயாவுக்கு முந்தின இரவு முழுவதும் "நாளைக்கு வகுப்பிருக்கா?" என்ற கேள்விதான். கனிவைக் கதிரை வரி கொண்டுவருகிறது. "எடையைக் குறையுங்கள்" என்று தொடங்கினால் கூச்சப்படுபவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். பன்பாய் தளஓட்டில் வழுக்கும். மண்டபத்தில் தளஓடு என்றால் ரப்பர் விரிப்பு வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள்.

சின்னத் திரையில் வாசிக்கச் சிரமப்படும் வயதானவர்களுக்குக் குரல்தான் நல்லதோ என்னவோ, அதில் நான் அடித்துச் சொல்லமாட்டேன். அவர்களுக்காக இதே செய்தியை 45 விநாடிக்குள் வாசித்துப் பதியலாம். திகதியையும் நேரத்தையும் இரண்டு தரம் சொல்லி, எழுத்துச் செய்திக்குக் கீழே அனுப்புங்கள்.