கறிவேப்பிலைக் குச்சியில் இருப்பது எந்தப் பூச்சியின் கூடு?

வியாசர்பாடியில் மொட்டைமாடி பெயிண்ட் வாளியில் வளர்கிற கறிவேப்பிலைச் செடி. அதன் குச்சியில் ஒட்டியிருந்த பழுப்புக் கூட்டுப்புழுவைப் பக்கத்து வீட்டு அக்கா போட்டோ எடுத்து அனுப்பி, "இதுலேர்ந்து என்னப்பா வரும்?" என்று கேட்டார்.

முதலில் பார்க்க வேண்டியது இடுப்பு. மின்கம்பத்தில் லைன்மேன் கயிறு போட்டுச் சாய்ந்து நிற்பாரே, அப்படி ஒரு மெல்லிய பட்டுநூல் நடு உடம்பைச் சுற்றிக் குச்சியோடு பிடித்திருந்தது. நூல் இல்லாமல் வால்நுனி மட்டும் ஒட்டி, தலைகீழாகத் தொங்கினால் அது வேறு வண்ணத்துப்பூச்சிக் குடும்பம். எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியன், அரளியில் வளரும் வெண்புள்ளிக் கருப்பன் எல்லாம் அந்த ரகம். தலை மேலா கீழா என்பதை மட்டும் நம்ப வேண்டாம். போனில் படம் திரும்பியிருக்கலாம். நூல் ஏமாற்றாது.

நூல் இருக்கிறது, செடி கறிவேப்பிலை. அப்படியென்றால் போட்டி எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளுக்கும் இடையில்தான். சிக்கலே இங்கேதான். இரண்டின் புழுக்களும் கறிவேப்பிலை, எலுமிச்சை இரண்டையுமே தின்னும், அதனால் செடியை வைத்துப் பிரிக்க முடியாது. நிறமும் உதவாது: பச்சை இலைகளுக்கு நடுவே கூடு கட்டினால் பச்சை, குச்சியில் கட்டினால் பழுப்பு. இரண்டுமே அப்படித்தான்.

மிஞ்சுவது வடிவம். தலையில் இரண்டு சிறு கொம்புகள் இருக்கும். அவற்றுக்கு நடுவிலுள்ள பள்ளம் கறிவேப்பிலை அழகியில் ஆழமாக இருக்கும். வயிற்றுப் பகுதியும் இரு பக்கமும் கொஞ்சம் புடைத்து, சின்ன முனையோடு நிற்கும். எலுமிச்சை அழகியில் பள்ளம் ஆழம் குறைவு, பக்கங்களில் அவ்வளவு புடைப்பு இல்லை. இது பக்கவாட்டுப் படத்தில் தெரியாது. அக்காவின் முதல் படம் அப்படித்தான் இருந்தது. வயிறு குச்சிப் பக்கம், முதுகு வெளிப்பக்கம் இருப்பதால், முதுகுக்கு நேர் எதிரே போனை வைத்து இன்னொரு படம் கேட்டேன். பள்ளம் ஆழமில்லை, பக்கங்களும் புடைக்கவில்லை. எலுமிச்சை அழகி என்று சொன்னேன். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகாத கண்ணுக்கு இது தடுமாற்றம்தான்.

சந்தேகம் தீராதவர்கள் கூடு பழுக்கும்வரை காத்திருக்கலாம். வெளிவருவதற்குச் சற்று முன் ஓடு கண்ணாடி மாதிரி ஆகி, மடிந்த முன்னிறகு உள்ளே தெரியும். கருப்பில் மஞ்சள் திட்டுகள் பரவலாகத் தெரிந்தால் எலுமிச்சை அழகி. அப்படி எதுவும் தெரியாமல் இருண்டிருந்தால் கறிவேப்பிலை அழகியாக இருக்கலாம்.

"இருக்கலாம்" என்பதற்குக் காரணம் உண்டு. சில குட்டிக் குளவிகள் கூட்டுப்புழுவுக்குள் முட்டையிடும். அந்தக் கூடும் கருத்துப்போகும், ஆனால் உள்ளே வண்ணத்துப்பூச்சி இருக்காது. வண்ணத்துப்பூச்சி வெளியேறிய ஓடு தலைப்பக்கம் பிளந்திருக்கும். ஓட்டில் ஊசி குத்தியது மாதிரி சின்ன வட்ட ஓட்டை தெரிந்தால், வந்தது குளவிதான்.