மூடிய கண்ணுக்கு மாற்று: கண்ணை மட்டும் ஒட்டுவதா, தலையோடு மாற்றுவதா?

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மண்டபத்தில் நடந்த அறுபதாம் கல்யாணத்தில், மணமேடைக்கு முன்னால் இரண்டு வரிசையாக 22 பேரை நிறுத்தி எடுத்த குடும்பப் படத்தைத் திருத்தியபோது இந்த இரண்டு வழிகளையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்தேன். தொடர்ச்சியாக எடுத்த ஐந்து படங்களில் மூன்றாவதில் எல்லோருடைய முகமும் நன்றாக அமைந்திருந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள் மட்டும் கண்ணை மூடியிருந்தார். ஐந்தாவது படத்தில் அவர் கண் திறந்திருந்தது, ஆனால் அதில் பின்வரிசையில் இருவர் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறார், ஒவ்வோர் இமைப்பும் கால் வினாடி நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 22 பேரும் ஒரே கணத்தில் கண் திறந்திருக்க நான்கில் ஒரு வாய்ப்புதான் உண்டு. யாரும் கண் மூடாத ஒரு படம் கிடைக்க எத்தனை படம் எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னதற்காக ஆஸ்திரேலியாவின் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் 2006-இல் கணிதத்துக்கான இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு பெற்றார்கள். இருபதுக்கும் குறைவான ஆட்கள் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றாலும், மங்கிய வெளிச்சத்தில் இரண்டாலும் வகுத்து அத்தனை படம் எடுக்கச் சொல்கிறது அவர்களுடைய சுருக்கு வழி. மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு அழைக்கும் நேரத்தில் அத்தனை படம் எடுக்க யாரும் நிற்க மாட்டார்கள். ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டு வழிகளுக்கும் தொடக்க வேலை ஒன்றுதான். மூன்றாவது படத்தை அடியிலும் ஐந்தாவதை மேலேயும் ஃபோட்டோஷாப்பில் லேயர்களாக வைத்து, அடி லேயரைப் பூட்டிவிட்டு, இரண்டையும் தேர்ந்தெடுத்து, Edit பட்டியலில் Auto-Align Layers கொடுத்து, அதில் Reposition என்பதைத் தேர்ந்தெடுக்கிறேன். Auto என்று விட்டால் மென்பொருள் படத்தை இழுத்து வளைத்துவிடக்கூடும். பிறகு மேல் லேயரை மட்டும் தேர்ந்தெடுத்து, Alt விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க் பொத்தானைத் தட்டினால் மேல் லேயர் முழுதும் மறைந்துவிடும். வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் தடவி அதை வெளிக்கொணர வேண்டும். எவ்வளவு தூரம் தடவுவது என்பதில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன.

முதலில் கண்ணை மட்டும் வெளிக்கொணர்ந்தேன். குறைவாகத் தொட்டால் குறைவாகக் கெடும் என்று எவருக்கும் தோன்றுவது இயல்பு. அதைப் பார்த்த அந்த வீட்டு மருமகள், "அத்தை எங்களைப் பார்க்காம வேற எங்கேயோ பார்க்கிற மாதிரி இருக்கே" என்றார். அவர் சொன்னது சரி, அதற்குக் காரணமும் உண்டு.

அந்தப் படத்தின் அகலம் 6000 பிக்சல், அதில் அடங்கிய இடம் ஏறக்குறைய ஆறு மீட்டர். அதாவது ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து பிக்சல். முகத்தின் அகலம் 150 பிக்சல் என்றால் ஒரு கண்ணின் அகலம் வெறும் 30 பிக்சல்தான். உட்கார்ந்திருக்கும் ஒருவர் அரை வினாடிக்குள் தலையை அரை சென்டிமீட்டராவது அசைத்திருப்பார், அது ஐந்து பிக்சல். பின்னணியை வைத்து லேயர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய மென்பொருளுக்கு இந்தத் தலையசைவு தெரியாது. கையால் நகர்த்திச் சரிசெய்தாலும் இரண்டு மூன்று பிக்சல் பிழை நின்றுவிடும். கண்ணை மட்டும் ஒட்டும்போது அந்தப் பிழை கண்ணகலத்தில் பத்தில் ஒரு பங்காகி, பார்வை விலகிவிடுகிறது. தலையோடு மாற்றினால் அதே பிழை கழுத்துக்குக் கீழே, புடவைத் தலைப்பின் மடிப்பிலோ நகையின் ஓரத்திலோ போய் விழுகிறது. அங்கே யாரும் தேடமாட்டார்கள். இரண்டு கண்களும் புருவமும் கன்னமும் ஒரே கணத்தில் பதிவானபடி ஒன்றுக்கொன்று மாறாமல் நிற்கின்றன. பிழை இரண்டு வழிகளிலும் ஒரே அளவுதான், அது விழும் இடம்தான் வேறு. நான் தலையோடு மாற்றுவதன் பக்கம் சாய்வதற்கு இதுவே முழுக் காரணம்.

இன்னொன்று, கண் மூடும்போது இமை மட்டும் அசைவதில்லை. புருவம் சற்று இறங்கும், கண்ணடிச் சதை சுருங்கும், சிரித்த முகமானால் கன்னமும் மாறும். மூடிய கண்ணுக்குரிய கன்னத்தில் திறந்த கண்ணை வைத்தால் அந்த முகம் விழித்துப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

ஆகவே எல்லைக்கோட்டைத் தோலின் நடுவில் போடாமல், ஏற்கெனவே இருக்கும் ஓரங்களின் வழியே கொண்டுபோனேன்: மேலே முடியும் பூச்சரமும் பின்னணியைத் தொடும் கோடு, பக்கவாட்டில் ஜிமிக்கிக்கு வெளிப்புறம், கீழே கழுத்து நகையின் மேல்விளிம்பு. ஜிமிக்கியைக் கண்டிப்பாகத் தலையோடு சேர்த்தே எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே காதில் இரண்டு ஜிமிக்கிகள் தெரியும். முடியின் ஓரத்துக்கு மென்மையான பிரஷ், நகையின் ஓரத்துக்குக் கடினமான பிரஷ். தலையைச் சற்றுச் சுழற்ற வேண்டியிருந்தால் லேயரை முதலில் Smart Object ஆக்கிக்கொள்வது நல்லது. மறுபடி மறுபடி சுழற்றும்போது முகம் மட்டும் மங்கலாகி அக்கம்பக்கத்து முகங்களோடு ஒட்டாமல் நிற்பதை அது தவிர்க்கிறது.

வெளிச்சம் தனிச் சிக்கல். தொடர்ச்சியாக எடுக்கும்போது ஃபிளாஷ் முழு பலத்தில் ஒருமுறை அடித்தபின் மீண்டும் நிரம்பச் சில வினாடிகள் பிடிக்கும்; அதனால் பிந்திய படங்கள் இருண்டுவிடும். இதை அறிய, பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டையில் ஒரே இடத்தின் மதிப்பை Info பலகையில் இரண்டு லேயரிலும் பார்க்க வேண்டும். ஒன்றில் 225, மற்றதில் 205 என்று வந்தால், மேல் லேயருக்கு மட்டும் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் Curves கட்டிச் சமன் செய்யலாம். ஆனால் ஃபிளாஷ் அடிக்கவே இல்லையென்றால் மோவாய்க்கடியில் நிழல் விழும் விதமே வேறாகியிருக்கும். எந்தக் கர்வ்ஸும் அதைச் சரிசெய்யாது. அந்தப் படத்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவதே வழி. மண்டபத்து விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு நூறு முறை ஏறி இறங்கும் வகையாக இருந்தால், 1/250 வினாடி போன்ற ஷட்டர் வேகத்தில் படத்துக்குப் படம் நிறமும் மாறும். 1/100 அல்லது 1/50-இல் எடுத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

கண்ணை மட்டும் மாற்றுவதே சரியாக அமையும் இடமும் உண்டு. பின்வரிசைக்காரரின் கன்னத்தை முன்னிருப்பவரின் தோளோ மல்லிகைச் சரமோ மறைத்திருந்தால், தலையை மாற்றும்போது அந்தத் தோளையும் சரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும், வேலை பெருகும். அப்போது புருவத்துக்கு மேலிருந்து கன்ன எலும்பு வரை ஒரு பட்டையாக எடுத்து, ஓரத்தை நன்றாக மென்மையாக்கி விடுகிறேன். கண்ணாடி அணிந்தவருக்கு இந்தப் பட்டை கூடாது. ஃபிரேமின் கம்பியும் கண்ணாடியில் படும் ஒளியும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கோடைக்காலத்தில் கோட்டை அகழிக்கு எதிரே நண்பகலில் எடுக்கும் படங்களுக்கு இரண்டு வழியும் உதவாது. அந்த வெயிலில் மக்கள் இமைப்பதைவிடக் கண்ணை இடுக்குவதே அதிகம்; ஐந்து படத்திலும் அதே இடுக்கல் இருந்தால் எதை எடுத்து எங்கே ஒட்டுவது? நிழலுக்கு நகர்த்தி மீண்டும் எடுக்க வேண்டியதுதான்.

போனிலேயே இதைச் செய்யும் வசதி ஒன்று 2023-இல் கூகுளின் பிக்சல் 8 போனுடன் Best Take என்ற பெயரில் வந்தது. நண்பரின் போனில் சில படங்களில் முயன்ற அளவில் சொல்கிறேன்: வாட்ஸ்அப்பில் அனுப்பும் நான்கைந்து பேர் படத்துக்கு அது போதும், நேரமும் மிச்சம். 12-க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டுக் கூடத்தில் மாட்டும் படத்துக்கு நான் அதை நம்பவில்லை. எல்லைக்கோட்டை எங்கே போட்டது என்று அது காட்டுவதில்லை. நாளைக்கு அந்த வீட்டார் குறை சொன்னால் திருத்த மாஸ்க்கும் கையில் இருக்காது.